பாடநூல் பக்கத்தின் படத்திலிருந்து சொல், பொருள், எடுத்துக்காட்டு அட்டவணை: முழுமையான வழிகாட்டி

என் மகள் தொடக்கநிலை ஐந்தில் இருந்தபோது அவளுடைய தமிழ்ப் பாடநூலின் ஒரு பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, அதிலிருந்த கடினச் சொற்களை எல்லாம் ஓர் அட்டவணையாக்கிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அதற்கே போனது. மாலையில் அதைக் கையில் எடுத்தவள் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, 'ஊன்றியபடி'ன்னா எந்தப் படி? மாடிப்படியா?"

தப்பு என்னுடையது. பக்கத்தில் சொல் எந்த வடிவில் இருந்ததோ அதே வடிவில் முதல் கட்டத்தில் போட்டிருந்தேன். அகராதியில் 'ஊன்றியபடி' என்று தேடினால் ஒன்றும் வராது. அடுத்த பாடத்தில் 'ஊன்றினார்' என்று வந்தால் அதுவும் இதுவும் ஒரே சொல் என்று அவளுக்குத் தெரியப்போவதும் இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பதை இப்போது தொலைபேசியே ஓரளவு செய்துவிடுகிறது. எந்தச் சொல்லை எந்த வடிவில் எடுப்பது, அந்த வாக்கியத்தில் அதற்கு என்ன பொருள் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

பாடநூலுக்குக் காப்புரிமை உண்டு என்பதால் அதன் பத்தியை இங்கே எடுத்துப் போடவில்லை. அதே நடையில் நானே நான்கு வாக்கியம் எழுதியிருக்கிறேன், அந்த 'ஊன்றியபடி'யையும் சேர்த்து. கடைசி வரை இதை வைத்தே பார்ப்போம்:

> விடியற்காலையில் பெய்த மழையில் நடைபாதை முழுவதும் நனைந்திருந்தது. தாத்தா குடையை ஊன்றியபடி மெல்ல நடந்தார். நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் குரங்குகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. 'உணவுப் பையை மறைத்துக்கொள்!' என்று அவர் பேரனை எச்சரித்தார்.

மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் பக்கம் காலையில் நடக்கப் போனவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை.

## படம் எடுப்பது

தமிழுக்குப் படம் எடுக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: புள்ளி. எழுத்துகளிலேயே மிகச் சிறிய உறுப்பு அதுதான். அது தெளிவாக விழுந்திருந்தால் மற்றதெல்லாம் விழுந்திருக்கும். படத்தை எடுத்ததும் இரண்டு விரலால் பெரிதாக்கி, பக்கத்தின் நடுவில் ஓர் இடமும் ஓரத்தில் ஓர் இடமும் பாருங்கள். 'ந்த' என்பதில் புள்ளி தனியாக, வட்டமாகத் தெரிய வேண்டும். எழுத்தோடு ஒட்டிய கறையாகத் தெரிந்தால் திரும்ப எடுங்கள். பிறகு உட்கார்ந்து திருத்துவதைவிட இது எளிது.

பாடநூல் தாள் வழவழப்பானது. வரவேற்பறையில் மேலே எரியும் விளக்கின் வெளிச்சம் அதில் வெள்ளைப் பட்டையாக விழும். அந்த இடத்தில் எழுத்தே இருக்காது. விளக்கை அணைத்துவிட்டு, பகலில் சன்னல் பக்கமோ வீட்டு வாசல் தாழ்வாரத்திலோ வைத்து எடுப்பேன். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் போதும். நூலின் நடு மடிப்பில் வரிகள் வளைந்துவிடும், அங்கேதான் பிழைகளும் குவியும். அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுக்காதீர்கள். ஒரு பக்கத்தை எடுக்கும்போது மறு பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செயலிகளில் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வசதி இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெல்லிய கோடுகளையும் புள்ளிகளையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். வண்ணத்திலேயே விடுங்கள், அல்லது சாம்பல் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெரியாத சொற்களைப் பிள்ளை பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தால் அந்தக் கோடு எழுத்தின் வாலோடு சேர்ந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பதோடு சரி.

அப்புறம், வெட்டுவது. இதைச் செய்யாமல்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பாடநூல் பக்கத்தில் பத்தி ஒரு பக்கம், வண்ணக் கட்டத்துக்குள் சொற்பொருள் ஒரு பக்கம், நடுவில் ஒரு சித்திரம், சித்திரத்தின் வாயிலிருந்து ஒரு பேச்சுக் குமிழி என்று இருக்கும். முழுப் பக்கத்தையும் அப்படியே கொடுத்தால் பத்தியின் முதல் வரியையும் அதற்கு நேரே இருக்கும் கட்டத்தின் முதல் வரியையும் ஒரே வரியாகப் படித்துவிடும். 'தாத்தா குடையை ஓரம் விளிம்பு' என்பது போல ஒரு வரி வந்தால் நடந்தது இதுதான். பத்தியை ஒரு படமாகவும் சொற்பொருள் கட்டத்தை இன்னொரு படமாகவும் வெட்டிச் சேமித்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

## எழுத்தைப் பிரிப்பது

எளிய வழி கூகல் டிரைவ். வெட்டிய படத்தை டிரைவில் ஏற்றிவிட்டு, கணினியில் அந்தக் கோப்பின் மேல் வலது சொடுக்குப் போட்டு `Open with` என்பதில் `Google Docs` என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய ஆவணம் ஒன்று திறக்கும். மேலே படமும் கீழே அதிலிருந்து எடுத்த எழுத்தும் இருக்கும். படமும் எழுத்தும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒப்பிட்டுத் திருத்துவது சுலபம். அதற்காகவே எனக்கு இந்த வழி பிடிக்கும். ஒன்றிரண்டு வரி மட்டும் வேண்டும் என்றால் தொலைபேசியில் கூகல் லென்ஸே போதும்.

இருபது முப்பது பக்கம் இருக்கிறது, கணினியில் கட்டளை தட்டத் தயக்கமில்லை என்றால் டெஸராக்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். தமிழுக்கான தரவு அதோடு தானாக வராது, தனியாக நிறுவ வேண்டும். உபுண்டுவில் இப்படி:

```
sudo apt install tesseract-ocr tesseract-ocr-tam
tesseract pathi.jpg pathi -l tam --psm 6
```

`-l tam` என்பது மொழி. `--psm 6` என்பது 'இது ஒரே சீரான பத்தி, நெடுவரிசைகளைத் தேடி அலையாதே' என்று சொல்வது. பத்தியை வெட்டி எடுத்துவிட்டோம் என்பதால் அந்த எண் இங்கே பொருந்துகிறது. விடை `pathi.txt` என்ற கோப்பில் இருக்கும். மொழியைக் குறிப்பிட மறந்தால் ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும். அதைப் பார்த்துப் படம் சரியில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் பத்தி இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

```
விடியற்காலையில் பெய்த மழையில் நடை
பாதை முழுவதும் நனைந்திருந்தது. தாத்தா
குடையை ஊன்றியபடி மெல்ல நடந்தாா்.
நீர்ததேக்கத்தின் ஓரத்தில் குரங்குகள்
கூட்டமாக அமர்ந்திருந்தன. '௨ணவுப்
பையை மறைத்துக்கொள்!' என்று அவர்
பேரனை எச்சரித்தார்.
```

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் இதில் நான்கு இடங்களில் கை வைக்க வேண்டும். அவற்றில் இரண்டு கண்ணுக்கே தெரியாது.

## கண்ணை ஏமாற்றும் பிழைகள்

தெரிவதை முதலில் முடித்துவிடலாம். 'நடை' என்று ஒரு வரி முடிந்து 'பாதை' என்று அடுத்தது தொடங்குகிறது. அச்சில் வரிக்கு இடம் போதாமல் 'நடைபாதை'யை உடைத்திருக்கிறார்கள். தமிழ் நூல்களில் இப்படி உடைக்கும்போது ஆங்கிலத்தில் போலக் குறுங்கோடு பெரும்பாலும் போடுவதில்லை, அதனால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அடுத்த வரியின் முதல் சொல்லையும் சேர்த்துப் படித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'நீர்ததேக்கம்' என்பதில் ஒரு புள்ளி போய்விட்டது. வாய்விட்டுப் படித்தால் நாக்கு தானாகத் தடுக்கும்.

இனி தெரியாத இரண்டு. 'நடந்தாா்' என்பதில் கடைசியில் இருப்பது 'ர்' அல்ல, துணைக்காலின் மேல் வைத்த புள்ளி. ரகரமும் துணைக்காலும் அச்சில் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் அடிக்கடி இங்கே ஏமாறுகின்றன. எழுத்துருவைப் பொறுத்து நமக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதேபோல '௨ணவு' என்பதில் முதலில் இருப்பது 'உ' அல்ல, தமிழ் எண் இரண்டு. க, உ, எ, அ ஆகிய நான்குக்கும் தமிழ் எண்களில் அப்படியே தோற்றமளிக்கும் இரட்டைகள் உண்டு: ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு.

தோற்றம் ஒன்றுதானே, விட்டுவிடலாமே என்று தோன்றும். தேடும்போதுதான் வினை வரும். '௨ணவு' என்று அட்டவணையில் இருந்தால் 'உணவு' என்று தேடுபவருக்கு அது கிடைக்காது. அகர வரிசையில் அடுக்கினாலும் அது உகரத்தில் போய் உட்காராமல் வேறெங்கோ போய்விடும்.

கூகல் ஷீட்ஸில் இவற்றைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. திருத்த வேண்டிய வாக்கியம் `C2` கட்டத்தில் இருக்கிறது என்றால், காலியாக உள்ள ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள். புள்ளி வைத்த துணைக்காலை எல்லாம் 'ர்' ஆக்கித் தரும்:

```
=SUBSTITUTE(C2,UNICHAR(3006)&UNICHAR(3021),UNICHAR(2992)&UNICHAR(3021))
```

3006 துணைக்காலின் எண், 3021 புள்ளி, 2992 ரகரம். தமிழ் எண் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க:

```
=REGEXMATCH(C2,"[௦-௯]")
```

`TRUE` என்று வந்தால் அந்த வாக்கியத்தில் எங்கோ எண் இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து எழுத்தைக் கையால் தட்டிவிடுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, நம் பத்தியில் அது வரவில்லை. 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் 'கொ'தான். ஆனால் `LEN` என்று கேட்டால் 'கொடி' என்ற சொல்லுக்கு முதல் வகையில் 4 என்றும் இரண்டாம் வகையில் 5 என்றும் வரும். ஒரே சொல் அட்டவணையில் இரண்டு முறை இருந்தும் ஷீட்ஸ் அது இரட்டை என்று ஒப்புக்கொள்ள மறுத்தால் இதைச் சந்தேகப்படுங்கள். சந்தேகப்படும் சொல்லை அழித்துவிட்டு நீங்களே ஒரு முறை தட்டினால் சரியாகிவிடும்.

## மூன்றாம் நெடுவரிசையிலிருந்து தொடங்குங்கள்

எழுத்து சுத்தமாகிவிட்டது. இப்போது ஷீட்ஸில் `A` சொல், `B` பொருள், `C` எடுத்துக்காட்டு என்று தலைப்புப் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் முதலில் சொற்களை வரிசையாக எழுதிவிட்டு, பிறகு அகராதியைத் திறந்து பொருள் எழுதி, கடைசியில் வாக்கியம் தேடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், மாடிப்படியில் போய் விழுந்தேன். இப்போது முதலில் வாக்கியத்தை `C`-யில் ஒட்டுகிறேன். அதைப் பார்த்து `A`-யை எழுதுகிறேன். `B` கடைசியில். சொல்லின் வகையும் பொருளும் இரண்டுமே வாக்கியத்துக்குள்தான் இருக்கின்றன. அதை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் தனியே தூக்கி வந்தால் இரண்டையும் ஊகிக்க வேண்டியதாகிவிடும்.

எந்தச் சொற்களை எடுப்பது? பிள்ளையை ஒரு முறை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, எங்கே தடுமாறுகிறது என்று கவனியுங்கள். நமக்குக் கடினமாகத் தோன்றுவதும் அவர்களுக்குக் கடினமாக இருப்பதும் வேறு வேறு. 'நீர்த்தேக்கம்' பள்ளியில் பலமுறை கேட்ட சொல் என்று மகள் தாண்டிப் போய்விட்டாள். 'அமர்ந்திருந்தன' என்பதில் நின்றாள். வீட்டில் நாங்கள் 'உக்காரு' என்றுதானே சொல்கிறோம். ஒரு பக்கத்துக்கு ஆறிலிருந்து பத்துச் சொல் போதும், அதற்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை.

வாக்கியத்தை ஒட்டும்போது இரண்டு சின்ன விஷயம். 'அவர் பேரனை எச்சரித்தார்' என்பது பத்தியில் புரியும், அட்டவணையில் தனியாக நின்றால் அவர் யார் என்று தெரியாது. 'தாத்தா பேரனை எச்சரித்தார்' என்று மாற்றிவிடுங்கள். மற்றபடி சொல்லின் வடிவத்தை மாற்றாதீர்கள். முதல் கட்டத்தில் 'எச்சரி' என்றும் மூன்றாம் கட்டத்தில் 'எச்சரித்தார்' என்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் அது எப்படி இது ஆனது என்று பிள்ளை பழகிக்கொள்கிறது. இன்னொன்று, மேற்கோள் குறி. வேறு இடத்தில் தட்டிவிட்டுப் பல வரிகளை ஒரே நேரத்தில் ஷீட்ஸில் ஒட்டும்போது, ஒரு வாக்கியம் நேரான இரட்டை மேற்கோளோடு தொடங்கினால் அதை ஒரு கட்டத்தின் எல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிகளையும் அதே கட்டத்துக்குள் விழுங்கிவிடக்கூடும். நேரான ஒற்றை மேற்கோளோடு தொடங்கினாலோ ஷீட்ஸ் அந்த முதல் குறியை மறைத்துவிடும். வளைந்த ஒற்றை மேற்கோள் போட்டால் பிரச்சினை இல்லை.

## சொல்லை எந்த வடிவில் எழுதுவது

பெயர்ச்சொல் என்றால் வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டு எழுத வேண்டும். 'ஓரத்தில்' என்பது 'ஓரம்'. 'நீர்த்தேக்கத்தின்' என்பது 'நீர்த்தேக்கம்'. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 'த்தில்' என்று முடிவதை எல்லாம் 'ம்' ஆக்கிவிட முடியாது. 'மரத்தில்' மரம்தான், ஆனால் 'எழுத்தில்' என்பது எழுத்து. 'வீட்டில்' வீடு, 'ஆற்றில்' ஆறு. 'பாட்டில்' பாட்டா, தண்ணீர் பாட்டிலா என்று வாக்கியத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றையும் விட்டுவிட வேண்டும். 'உணவுப் பையை' என்பதில் அந்த 'ப்' அடுத்த சொல்லால் வந்தது. அட்டவணையில் 'உணவுப்' என்று எழுதிவிட்டால் பிள்ளை தேர்விலும் அப்படியே எழுதும். நம்புங்கள், எழுதும்.

வினைச்சொல்லில்தான் நின்று நிதானிக்க வேண்டும். 'ஊன்றியபடி' என்பதில் 'படி' ஒட்டு, 'ஊன்றிய' என்பதற்குள் இருப்பது 'ஊன்று'. 'நனைந்திருந்தது' என்பதில் 'இரு' துணைவினை, நமக்கு வேண்டியது 'நனை'. 'மறைத்துக்கொள்' என்பதில் 'கொள்' துணைவினை, சொல் 'மறை'. அதற்காக 'ஒப்புக்கொள்' என்று வந்தால் 'கொள்'ளைக் கழற்றிவிடாதீர்கள். ஒட்டைக் கழற்றிய பிறகு மிஞ்சும் சொல்லுக்கு அந்த வாக்கியத்தில் அதே பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்றலாம், இல்லையென்றால் முழுதாக எழுதுங்கள். 'கண்டுபிடி'யும் இந்த வகைதான்.

வினையடியை மட்டும் எழுதினாலும் போதாது. 'நனை' என்றால் தானே நனைவதா, இன்னொன்றை நனைப்பதா? 'மறை' என்றால் கண்ணிலிருந்து மறைவதா, ஒளித்து வைப்பதா? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இதற்காகத்தான் வினைச்சொற்களைத் 'தல்', 'த்தல்' என்ற முடிவோடு தருகிறது. 'மறைதல்' வேறு, 'மறைத்தல்' வேறு. பத்து வயதுப் பிள்ளைக்கு அது கொஞ்சம் கனம். நான் அடைப்புக்குறிக்குள் இறந்தகால வடிவத்தை எழுதிவிடுகிறேன்: 'நனை (நனைந்தது)', 'மறை (மறைத்தார்)'. அந்த ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடும், கட்டுரை எழுதும்போது எந்த வடிவம் போட வேண்டும் என்பதும் அதிலேயே தெரியும்.

## பொருள்

பக்கத்திலேயே சொற்பொருள் கட்டம் இருந்தால் முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடத்துக்கு எது வேண்டுமோ அந்தப் பொருளை மட்டும் அங்கே தந்திருப்பார்கள். இல்லாத சொல்லுக்கு அகராதி. அகராதியில் முதலில் இருக்கும் பொருளை அப்படியே எடுக்காதீர்கள். 'கூட்டம்' என்று தேடினால் ஆட்கள் கூடிப் பேசும் கூட்டமும் வரும். நம் குரங்குகள் அங்கே எதையும் விவாதிக்கவில்லை.

எழுதிய பொருள் சரிதானா என்று பார்க்க, அதை வாக்கியத்துக்குள் போட்டு உரக்கப் படியுங்கள். 'ஊன்று' என்பதற்கு 'நடு' என்றும் ஒரு பொருள் உண்டு. 'தாத்தா குடையை நட்டபடி மெல்ல நடந்தார்' என்று படித்தால் உடனே சிரிப்பு வரும். 'தரையில் அழுத்தி வை' என்று போட்டால் 'குடையைத் தரையில் அழுத்தி வைத்தபடி மெல்ல நடந்தார்', இது சரியாக உட்காருகிறது. சொல் வினையாக இருந்தால் பொருளும் வினையாக இருக்க வேண்டும் என்பதும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும். 'எச்சரி' என்பதற்கு 'எச்சரிக்கை செய்' என்று எழுதுவது பொருளே அல்ல, சொல்லைத் திருப்பிச் சொல்வது.

ஆங்கிலத்தில் பொருள் எழுதலாமா என்று என் தோழிகள் கேட்பார்கள். வீட்டில் ஆங்கிலமே அதிகம் புழங்கும் பிள்ளைகளுக்கு அது வேகமாகப் புரியும் என்பது உண்மை. நீர்த்தேக்கம் போன்ற பொருட்பெயருக்கு எழுதிக்கொள்ளுங்கள், கெடுதலில்லை. வினைக்கு நான் எழுத மாட்டேன். 'நனைந்தது', 'நனைத்தது' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லை எழுதிவிட்டால் நாம் பாடுபட்டுப் பிரித்தது மறுபடி ஒன்றாகிவிடும்.

நம் பக்கத்தின் அட்டவணை முடிவில் இப்படி வந்தது:

| சொல் | பொருள் | எடுத்துக்காட்டு |
|---|---|---|
| விடியற்காலை | சூரியன் உதிக்கும் நேரம் | விடியற்காலையில் பெய்த மழையில் நடைபாதை முழுவதும் நனைந்திருந்தது. |
| நனை (நனைந்தது) | ஈரமாகு | விடியற்காலையில் பெய்த மழையில் நடைபாதை முழுவதும் நனைந்திருந்தது. |
| ஊன்று (ஊன்றினார்) | விழாமல் இருக்கத் தரையில் அழுத்தி வை | தாத்தா குடையை ஊன்றியபடி மெல்ல நடந்தார். |
| ஓரம் | விளிம்பு, பக்கம் | நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் குரங்குகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. |
| அமர் (அமர்ந்தார்) | உட்கார் | நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் குரங்குகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. |
| மறை (மறைத்தார்) | பிறர் கண்ணில் படாமல் வை | ‘உணவுப் பையை மறைத்துக்கொள்!’ என்றார் தாத்தா. |
| எச்சரி (எச்சரித்தார்) | ஆபத்து வரலாம் என்று முன்பே சொல் | தாத்தா பேரனை எச்சரித்தார். |

கடைசி வரியைப் பாருங்கள். 'தாத்தா பேரனை எச்சரித்தார்' என்பதில் எச்சரி என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அழைத்தார்' என்று போட்டாலும் வாக்கியம் நிற்கும், 'திட்டினார்' என்றாலும் நிற்கும். சொல்லின் பொருளை அந்த வாக்கியம் காட்டிக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் மட்டும் நானே ஒன்று எழுதுவேன்: 'குரங்குகள் உணவைப் பறித்துவிடும் என்று தாத்தா பேரனை எச்சரித்தார்.' நாமே எழுதிய வாக்கியத்தின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவையுங்கள். எது நூலில் உள்ளது, எது நம்முடையது என்று பிறகு குழம்ப வேண்டாம்.

## ஒப்பிட்டுப் பார்ப்பது

சொல்லும் வாக்கியமும் பொருந்தாமல் வரி மாறி ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். அதற்கு `D` நெடுவரிசையில் தற்காலிகமாக ஒரு சூத்திரம்:

```
=ISNUMBER(FIND(LEFT(A2,2),C2))
```

சொல்லின் முதல் இரண்டு குறிகள் வாக்கியத்தில் எங்காவது இருக்கின்றனவா என்று பார்க்கிறது. ஏன் மூன்று வைக்கவில்லை என்றால், கணினி எழுத்தை நம்மைப் போல எண்ணுவதில்லை. அதற்கு மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி. 'மரம்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு நான்கு. 'ஓரம்' என்பதில் மூன்று குறி எடுத்தால் 'ஓரம' என்று வரும், அது 'ஓரத்தில்' என்பதில் இல்லை. `FALSE` வந்த வரியை எல்லாம் பிழை என்று அழித்துவிடாதீர்கள், போய்ப் பாருங்கள். 'வா' என்பதன் எடுத்துக்காட்டில் 'வந்தான்' என்று இருந்தால் `FALSE`தான் வரும், ஆனால் அது சரி. எல்லா வரியும் பார்த்து முடிந்ததும் `D`-யை நீக்கிவிடுங்கள்.

அடுத்த பாடத்தின் சொற்களைச் சேர்க்கும்போது ஏற்கெனவே இருப்பது மறுபடி வந்துவிட்டதா என்று `=COUNTIF(A:A,A2)>1` சொல்லும். வந்திருந்தால் உடனே நீக்க வேண்டாம், பொருள் வேறாக இருக்கலாம். குரங்குக் கூட்டமும் குடியிருப்பாளர் கூட்டமும் இரண்டு வரிகளாக இருப்பதுதான் நல்லது.

சேமிக்கும்போது `.csv` என்று பதிவிறக்கி எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் வரலாம். கோப்பு கெட்டுப்போகவில்லை, எக்செல் அதை வேறு குறியாக்கமாக எடுத்துக்கொண்டுவிட்டது. `File`, `Download` என்று போய் `Microsoft Excel (.xlsx)` என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

அச்சிடுவதற்கு ஏ4 தாளைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, எழுத்தளவை 14 ஆக்கி, மூன்றாம் நெடுவரிசைக்குத் தாளின் பாதி அகலத்தைக் கொடுங்கள். அப்போது நடுவில் மடித்தால் சொல்லும் பொருளும் ஒரு பக்கம், வாக்கியம் மறு பக்கம் என்று விழும். மகள் வாக்கியப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அதிலுள்ள சொல்லின் அடிவடிவத்தைச் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்ப்பாள். 'ஊன்றியபடி' வரும்போது மட்டும் இன்னமும் 'மாடிப்படி' என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.